தடித்த தோலா, மெல்லிய தோலா? தோல் ஸ்லைடைப் படிக்கும் முறை

ஹிஸ்டாலஜி செய்முறைத் தேர்வில் தோல் ஸ்லைடு ஸ்பாட்டராக வந்தால், அது தோல் என்று சொல்லிவிடுவதில் யாருக்கும் சிரமம் இருக்காது. அடுத்து வரும் கேள்வியில்தான் மதிப்பெண் போகும்: இது தடித்த தோலா, மெல்லிய தோலா? பெரும்பாலானவர்கள் மேலே இளஞ்சிவப்புப் பட்டை அகலமாகத் தெரிந்தால் தடித்த தோல் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்ல ஸ்லைடில் அது போதும்தான். ஆனால் தேர்வுக்கு வைக்கப்படும் ஸ்லைடுகள் எல்லாம் நல்லவையாக இருப்பதில்லை. கொஞ்சம் சாய்வாக வெட்டியவை, மேல் அடுக்கு பிய்ந்து போனவை, பல வருடம் கைமாறி மங்கிப்போனவை என்று எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அப்படிப்பட்ட ஸ்லைடிலும் சரியான முடிவுக்கு வர, எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். ஹிமடாக்சிலினும் இயோசினும் போட்ட சாதாரண ஸ்லைடு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே தடிமன் என்பது எபிடெர்மிஸின் தடிமன் மட்டும்தான். கீழே உள்ள டெர்மிஸ் கணக்கில் வராது. முதுகின் மேற்பகுதித் தோலை மொத்தமாக அளந்தால் உடலிலேயே மிகத் தடிமனான தோல்களில் அதுவும் ஒன்று. அங்கே டெர்மிஸ் அவ்வளவு கனமானது. ஆனாலும் அதன் எபிடெர்மிஸ் மெல்லியதுதான், முடியும் உண்டு. அதனால் ஹிஸ்டாலஜியில் அது மெல்லிய தோல். தடித்த தோல் இருக்கும் இடங்கள் உள்ளங்கை, உள்ளங்கால், கை கால் விரல்களின் உட்பக்கம், அவ்வளவுதான். மற்ற எல்லாமே மெல்லிய தோல். கண்ணிமை, வயிறு, தொடை, தலை எதுவாக இருந்தாலும் சரி.

மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன்

ஸ்லைடைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு ஓரமாக ஊதாக் கோடு ஒன்று ஓடும். அதுதான் எபிடெர்மிஸின் உயிருள்ள பகுதி. உட்கருக்கள் நெருக்கமாக இருப்பதால் ஹிமடாக்சிலினை அதிகம் பிடித்திருக்கும். அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கும் அகலமான இளஞ்சிவப்புப் பகுதி டெர்மிஸ். இப்போது ஊதாக் கோட்டுக்கு வெளிப்பக்கம் பாருங்கள். விரல் நுனி ஸ்லைடாக இருந்தால், அங்கேயும் ஒரு இளஞ்சிவப்புப் பட்டை வெறும் கண்ணுக்கே தெரியும். மெல்லிய தோலில் அந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியாது, ஊதாக் கோட்டோடு தோல் முடிந்துவிட்டது போலிருக்கும். இது முதல் குறிப்புதான், முடிவு இல்லை.

அப்புறம் 4எக்ஸ் லென்ஸில் வையுங்கள். நேரே 40எக்ஸுக்குத் தாவுவது புதியவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்படிப் போனால் மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன வட்டத்தை வைத்து முழுத் தோலைப் பற்றியும் முடிவு சொல்ல வேண்டியிருக்கும். 4எக்ஸில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஸ்லைடை நகர்த்திப் பாருங்கள். மேற்பரப்பின் வடிவத்தையும், எபிடெர்மிஸும் டெர்மிஸும் சந்திக்கும் கோட்டையும் கவனியுங்கள்.

தடித்த தோலின் மேற்பரப்பு ஒழுங்கான அலைகளாக ஏறி இறங்கும். ரேகை உருட்டும்போது மையில் பதியும் அதே வரம்புகள்தான் இவை, இங்கே குறுக்கே வெட்டப்பட்டுத் தெரிகின்றன. சந்திக்கும் கோடும் ஆழமாக மேலும் கீழும் போகும். எபிடெர்மிஸ் கீழ்நோக்கி இறங்கும் முளைகளுக்கு நடுவே டெர்மிஸ் பாப்பிலாக்கள் மேலே ஏறி நிற்கும். மெல்லிய தோலில் மேற்பரப்பில் ஆங்காங்கே ஒழுங்கில்லாத சிறு பள்ளங்கள் இருக்கும். கீழ்க்கோட்டின் ஏற்ற இறக்கம் குறைவு. கண்ணிமைத் தோலில் கிட்டத்தட்ட நேர்கோடாகவே போகும்.

கண்ணளவை விட்டு ஒரு அளவு

இதைப் பலரும் செய்வதில்லை, ஆனால் அரை நிமிட வேலைதான். உங்கள் கண்வில்லையின் பக்கத்தில் 10எக்ஸ் என்பதோடு 18 அல்லது 20 போன்ற ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணை லென்ஸின் உருப்பெருக்கத்தால் வகுத்தால், நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எண் 18 என்றால் 10எக்ஸ் லென்ஸில் வட்டம் 1.8 மி.மீ., 40எக்ஸ் லென்ஸில் 0.45 மி.மீ.

தடித்த தோலின் எபிடெர்மிஸ் சுமார் 0.4 மி.மீ. முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும். மெல்லிய தோலில் அது 0.1 மி.மீ. அளவில்தான், கொஞ்சம் முன்னே பின்னே. அப்படியானால் 10எக்ஸ் வட்டத்தில் 0.6 மி.மீ. எபிடெர்மிஸ் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும், 0.1 மி.மீ. எபிடெர்மிஸ் ஓரத்தில் ஒரு கோடாக ஓடும். 40எக்ஸில் மெல்லிய தோலின் எபிடெர்மிஸ் முழுதும் வட்டத்துக்குள் அடங்கி, கீழே டெர்மிஸும் நிறையத் தெரியும். தடித்த தோலில் ஒரே வட்டத்துக்குள் அடிமுதல் நுனிவரை பார்க்க முடியாமல் ஸ்லைடை நகர்த்த வேண்டிவரும். திசு பதப்படுத்தும்போது சுருங்குவதால் இந்த எண்களைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு தோலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பல மடங்கு என்பதால் தோராயமே போதும்.

அடுக்குகளைக் கீழிருந்து மேலே படிப்பது

இப்போது 40எக்ஸுக்குப் போகலாம். அடுக்குகளை எப்போதும் கீழிருந்து மேலே படியுங்கள். செல் பிறந்து, வளர்ந்து, கெரட்டின் நிறைந்து, உதிரும் வரிசை அதுதான். அந்த வரிசையில் பார்த்தால் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவை குறையும்.

டெர்மிஸை ஒட்டி ஒற்றை வரிசையாக, உயரமான சிறு செல்கள் ஊதா நிறத்தில் நெருக்கமாக நிற்பது ஸ்ட்ராட்டம் பேசேல். பகுப்படையும் செல்கள் இங்கேதான் அதிகம். நம் ஊர் ஸ்லைடுகளில் இந்த வரிசையில் பழுப்புத் துகள்கள் தெரிவது சகஜம். அது சாயம் இல்லை, மெலனின். அழுக்கு என்று நினைத்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நிறமி குறைவு என்பதால், அடி வரிசை முழுக்கப் பழுப்பாக இருந்தால் மெல்லிய தோல் பக்கம் ஒரு சின்னச் சாய்வு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு மேலே பல வரிசைகளில் பலகோண வடிவச் செல்கள், ஸ்ட்ராட்டம் ஸ்பைனோசம். செல்களுக்கு நடுவே மெல்லிய முட்கள் போலத் தெரிவது டெஸ்மோசோம்கள் பிடித்திருக்கும் இடங்கள். பதப்படுத்தும்போது செல்கள் சுருங்குகின்றன, ஒட்டியிருக்கும் இடங்கள் மட்டும் விடாமல் நிற்கின்றன. அதனால்தான் முட்கள். இரண்டு தோலிலும் இந்த அடுக்கு உண்டு, தடித்த தோலில் வரிசைகள் அதிகம்.

அடுத்தது ஸ்ட்ராட்டம் கிராநுலோசம். இங்கே கொஞ்சம் நின்று எண்ணுங்கள். தட்டையான செல்களுக்குள் கெரட்டோஹயலின் துகள்கள் அடர்ந்த நீல ஊதாவாக இருக்கும், அதனால் இந்த அடுக்கைத் தவறவிட முடியாது. தடித்த தோலில் மூன்று முதல் ஐந்து வரிசை வரை தொடர்ச்சியாக ஓடும். மெல்லிய தோலில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். சில இடங்களில் அதுவும் விட்டுவிட்டுத் தெரியும்.

அதற்கும் மேல் அடுக்குக்கும் நடுவே வெளிறிய, உட்கரு இல்லாத, லேசாக மினுங்கும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது ஸ்ட்ராட்டம் லூசிடம். பாடத்தில் தடித்த தோலின் அடையாளமாக இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். என்னைக் கேட்டால் இதை முதலில் தேடுவது வீண். உண்மையான உள்ளங்கால் ஸ்லைடிலேயே பல சமயம் இது தெரியாது. தெரிந்தால் தடித்த தோல் என்று எழுதலாம். தெரியாவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது.

கடைசியாக ஸ்ட்ராட்டம் கார்னியம், உட்கரு இல்லாத செத்த செல்கள். தடித்த தோலில் இது இறுக்கமாக, ஒரே இளஞ்சிவப்புப் பாளமாக இருக்கும். பல இடங்களில் கீழே உள்ள உயிருள்ள அடுக்குகள் எல்லாம் சேர்ந்த அகலத்தைவிட இதன் அகலமே கூடுதலாக இருக்கும். அந்தப் பாளத்தின் நடுவே வரிசையாகச் சிறு துளைகள் மேல்நோக்கிப் போவதைப் பார்த்தால் விடாதீர்கள். அது வியர்வை நாளம். கார்னியத்துக்குள் அது சுருள் சுருளாக ஏறுவதால், வெட்டும்போது ஒரே நாளம் பல துளைகளாகத் தெரிகிறது. கீழே பின்தொடர்ந்தால் அது எபிடெர்மிஸின் முளை ஒன்றில் போய்ச் சேரும், மேலே பின்தொடர்ந்தால் ரேகை வரம்பின் உச்சியில் திறக்கும். இந்தக் காட்சி கிடைத்துவிட்டால் வேறு சாட்சி அநேகமாகத் தேவையில்லை.

மெல்லிய தோலின் கார்னியம் தளர்வாக, இடைவெளி விட்டுப் பிரிந்த இழைகளாக இருக்கும். இழைகள் பிரிந்து உப்பியிருப்பதால் சில ஸ்லைடுகளில் அதுவும் அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். வெள்ளை இடைவெளிகளைக் கழித்துவிட்டு, இழைகள் சேர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று பாருங்கள்.

டெர்மிஸில் சாட்சி தேடுதல்

எபிடெர்மிஸைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அதை டெர்மிஸில் சரிபார்க்க வேண்டும். இதற்கு 10எக்ஸுக்குத் திரும்புங்கள்.

மெல்லிய தோலுக்கு மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, முடியை நிமிர்த்தும் தசை என்று மூன்று அடையாளம் சொல்வார்கள். நினைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே அடையாளம்தான். எண்ணெய்ச் சுரப்பி பெரும்பாலும் மயிர்க்காலுக்குள் திறப்பது, தசை மயிர்க்காலில் போய் ஒட்டுவது. முடி இல்லாத உள்ளங்கையில் மற்ற இரண்டும் இல்லாமல் போவது இதனால்தான். நடைமுறையில் இதன் பயன் என்னவென்றால், மயிர்க்கால் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் மற்ற இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும். எண்ணெய்ச் சுரப்பி எளிதில் கண்ணில் படும்: வெளிறிய, நுரைத்த மாதிரி சைட்டோபிளாசம் கொண்ட பெரிய செல்கள் கொத்தாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். உள்ளிருந்த கொழுப்பு ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து போனதால்தான் அந்த வெளிறல். தசை கொஞ்சம் கடினம். கொலாஜனும் அதுவும் ஒரே இளஞ்சிவப்பு. கட்டுக்குள்ளேயே நீண்ட உட்கருக்கள் வரிசையாக இருந்தால் அது தசை, உட்கருக்கள் அரிதாக இருந்தால் கொலாஜன்.

வியர்வைச் சுரப்பியை எந்தப் பக்கமும் சாட்சியாக வைக்காதீர்கள். இரண்டு தோலிலும் அது உண்டு. உள்ளங்கையில் எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான். இதில் இன்னொரு குழப்பமும் வரும். வியர்வை நாளம் டெர்மிஸில் குறுக்கே வெட்டுப்பட்டு வட்டமாகத் தெரியும்போது அதை மயிர்க்கால் என்று எழுதிவிடுவார்கள். நாளத்தின் சுவரில் சின்னச் செல்கள் இரண்டே வரிசைதான், நடுவே சிறு துளை. மயிர்க்காலின் வட்டம் அதைவிடப் பெரியது, சுவரில் பல வரிசைச் செல்கள் இருக்கும், நடுவே பழுப்பு மஞ்சளாக முடித் தண்டோ அது விழுந்துபோன துளையோ இருக்கும்.

தடித்த தோல் பக்கச் சாட்சி மெய்ஸ்னர் கார்ப்பசல். அதை டெர்மிஸ் பாப்பிலாவுக்குள்தான் தேட வேண்டும், எபிடெர்மிஸை முட்டிக்கொண்டு இருக்கும். நீள்வட்டம், நெட்டுவாக்கில் நிற்கும், உள்ளே செல்கள் கிடைவாட்டத்தில் அடுக்கியிருக்கும். எல்லாப் பாப்பிலாவிலும் இருக்காது என்பதால் வரிசையாகப் பல பாப்பிலாக்களைப் பார்க்க வேண்டும். உதடு போன்ற முடியில்லாத வேறு சில இடங்களிலும் இது உண்டு. அதனால் தடித்த கார்னியத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதற்கும் கீழே, டெர்மிஸின் அடியிலோ கொழுப்புத் திசுவிலோ, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி வளையம் வளையமாகத் தெரிவது பசினியன் கார்ப்பசல். விரல் ஸ்லைடில் அடிக்கடி வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உடலில் வேறு பல இடங்களிலும் இருப்பதால் தனியாக எதையும் நிரூபிக்காது.

இந்தச் சாட்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். மயிர்க்கால் தெரிந்தால் அது மெல்லிய தோல், அதில் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் தடித்த தோல் என்று ஆகிவிடாது. வெட்டு ஐந்தாறு மைக்ரான் தடிமன்தான், இரண்டு முடிகளுக்கு நடுவே போயிருக்கலாம். மெய்ஸ்னர் கதையும் இதேதான். இல்லாததை வைத்து முடிவெழுதுவதுதான் தோல் ஸ்லைடில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

ஏமாற்றும் ஸ்லைடு ஒன்று

இப்படி ஒரு ஸ்லைடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40எக்ஸ் வட்டத்தில் எபிடெர்மிஸ் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கிறது, அதாவது 0.3 மி.மீ. மெல்லிய தோலுக்கு இது அதிகம், தடித்த தோலுக்குக் குறைவு. கிராநுலோசத்தில் நான்கு வரிசை எண்ண முடிகிறது. பார்த்த இடத்தில் முடி எதுவும் இல்லை. பலரும் இந்த இடத்தில் தடித்த தோல் என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் எபிடெர்மிஸுக்கு உள்ளேயே இளஞ்சிவப்புத் தீவுகள் சில தெரிகின்றன. ஒவ்வொரு தீவுக்குள்ளும் கொலாஜனும் ஒரு சிறு ரத்தக்குழாயும் இருக்கின்றன, சுற்றி ஊதாவாக அடி வரிசைச் செல்கள் வளையமிடுகின்றன. இவை டெர்மிஸ் பாப்பிலாக்கள். வெட்டு செங்குத்தாக இல்லாமல் சாய்வாகப் போனதால் அவற்றின் அடிப்பகுதி வேறு தளத்தில் தங்கிவிட்டது. சாய்வு வெட்டில் எல்லா அடுக்குகளும் இழுபட்ட மாதிரி அகலமாகத் தெரியும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் அகலம் இரட்டிப்பாகிவிடும். கிராநுலோசத்தின் வரிசைகள் அதிகமாகத் தெரிந்ததும் இதனால்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் உதவுவது அகலம் இல்லை, விகிதம். சாய்வு வெட்டு கார்னியத்தையும் அதன் கீழுள்ள அடுக்குகளையும் ஒரே அளவில்தான் அகலமாக்குகிறது. எனவே இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. இந்த ஸ்லைடில் கார்னியம் சில தளர்ந்த இழைகள் மட்டுமே, உயிருள்ள அடுக்குகளில் கால் பங்குகூட இல்லை. தடித்த தோலாக இருந்தால் சாய்வாக வெட்டினாலும் கார்னியம் பாளமாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, ஸ்லைடை மறுமுனைக்கு நகர்த்துகிறோம். அங்கே வெட்டு நேராக விழுந்திருக்கிறது, எபிடெர்மிஸ் 0.1 மி.மீ. சுற்றி இருக்கிறது. தீவுகளும் இல்லை. டெர்மிஸின் நடுவே பல வரிசைச் சுவரோடு ஒரு வட்டம், அதன் பக்கத்தில் வெளிறிய செல்களின் கொத்து. மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் கிடைத்துவிட்டன. இது மெல்லிய தோல்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பதப்படுத்தும்போதோ வெட்டும்போதோ தடித்த தோலின் கார்னியம் மொத்தமாகக் கழன்று போயிருக்கும். மேலே வெறும் கிராநுலோசத்தோடு தோல் முடிந்த மாதிரி தெரியும். அப்போது எபிடெர்மிஸுக்கு அப்பால் இருக்கும் வெற்றிடத்தையும் ஒருமுறை பாருங்கள். கழன்ற பாளம் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் கிராநுலோசத்தின் வரிசைகளும், ஆழமான முளைகளும், பாப்பிலாக்களுக்குள் மெய்ஸ்னரும் இருக்கின்றன. மேற்பரப்பு வரை உட்கருக்கள் தெரிந்தால் மட்டும் வேறு மாதிரி யோசியுங்கள். அது தோலே இல்லாமல், கெரட்டின் ஏறாத பல்லடுக்குச் செதிள் எபிதீலியமாக, உதாரணத்துக்கு உணவுக்குழாயாக இருக்கலாம்.

ரெக்கார்டில் வரைவது

தடித்த தோலை வரையும்போது கார்னியத்துக்குத் தாராளமாக இடம் விடுங்கள். பக்கத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது போகட்டும். பலரும் இதைச் சின்னதாகப் போட்டுவிட்டு ஸ்பைனோசத்தில் செல் செல்லாக வரைந்துகொண்டிருப்பார்கள், படம் மெல்லிய தோல் மாதிரி ஆகிவிடும். கார்னியத்தில் இளஞ்சிவப்புப் பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள், ஊதாப் புள்ளி ஒன்றுகூட வேண்டாம், அங்கே உட்கரு கிடையாது. வியர்வை நாளத்தை முளையின் அடியில் இருந்து தொடங்கி வரம்பின் உச்சியில் முடியுங்கள். பாப்பிலாவின் உச்சியிலிருந்து நாளம் புறப்படுவது போல வரைந்தால் வைவாவில் அதையே கேட்பார்கள். லூசிடம் உங்கள் ஸ்லைடில் தெரியாவிட்டால் படத்திலும் போடாதீர்கள்.

அடையாளக் குறிப்பு எழுதும்போது எது தெரிந்ததோ அதை எழுதுங்கள். "இறுக்கமான அகலக் கார்னியம், அதனுள் சுருண்டு ஏறும் வியர்வை நாளம்" என்பது தடித்த தோலுக்கு நல்ல இரண்டு குறிப்பு. "மெல்லிய எபிடெர்மிஸ், டெர்மிஸில் மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும்" என்பது மெல்லிய தோலுக்கு. "மயிர்க்கால் இல்லை" என்று எழுத வேண்டியிருந்தால் அதை மூன்றாவதாக வையுங்கள், அதுவும் ஸ்லைடை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்த பிறகு.